விடை சரி, முதல் வரி தவறு: பாடநூல் தீர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இயற்பியல் பாடநூலின் தீர்வுகளை எழுதிய, சரிபார்த்த, அச்சுக்கு அனுப்பிய குழுவினருக்கு,

இயக்கவியல் பாடத்தில் வரும் கோபுர எடுத்துக்காட்டின் முதல் வரியில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்கு எழுதியிருந்தோம். "இறுதி விடை சரியாகவே உள்ளது. எனவே இப்போது திருத்தம் தேவையில்லை. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கலாம்" என்று பதில் அனுப்பினீர்கள். அந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. இறுதி விடை சரியாக இருப்பதால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லை, அதனால்தான் இது ஆபத்தானதும்கூட. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு மாணவி இதில் எப்படிச் சிக்கினாள் என்பதை அவளுடைய குறிப்பேட்டுப் பக்கங்களை வைத்தே சொல்கிறோம். அடித்து அடித்து எழுதிய பக்கங்கள் அவை. எந்த இடத்தில் எதை நம்பினாள், எப்போது சந்தேகப்பட்டாள் என்பதெல்லாம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

முதலில் நீங்கள் அச்சிட்டிருப்பதைப் பார்ப்போம். 25 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க. உங்கள் தீர்வு இது:

```
25 = 20t − 5t²
t² − 4t − 5 = 0
(t − 5)(t + 1) = 0
t = 5
```

ஐந்து நொடி என்ற விடையில் தவறில்லை. முதல் வரியில் இருக்க வேண்டியது −25. அந்தக் குறி இல்லாத முதல் வரியிலிருந்து இரண்டாம் வரி வராது. வரியை நேர்மையாக மாற்றி எழுதினால் t² − 4t + 5 = 0 என்றுதான் கிடைக்கும். அதாவது முதல் வரியில் ஒரு குறி தவறு, இரண்டாம் வரிக்குப் போகும்போது இன்னொரு குறி தவறு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் விடை தப்பித்துவிட்டது.

அந்த மாணவி இந்த எடுத்துக்காட்டை வாசித்தபோது எதையும் கவனிக்கவில்லை. தீர்வை வாசிப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வரிக்கு வரி தலையாட்டிக்கொண்டே போய், கடைசி வரியில் விடை வந்ததும் பக்கத்தைப் புரட்டுவோம். அவள் சிக்கியது அதற்கு அடுத்திருந்த பயிற்சி வினாவில். அதே பந்து, அதே 20, கோபுரம் மட்டும் 15 மீட்டர். இரவு ஒன்பதரைக்கு அதை எடுத்திருக்கிறாள். பக்கத்தின் மூலையில் நேரம் குறித்துக்கொள்வது அவள் பழக்கம்.

எடுத்துக்காட்டின் முதல் வரியைப் பார்த்து 15 = 20t − 5t² என்று எழுதினாள். அதை ஒழுங்காக மாற்றி t² − 4t + 3 = 0 என்று கொண்டுவந்தாள். காரணிப்படுத்தினால் 1, 3 என்று இரண்டு மூலங்கள். இங்கேயே அவளுக்கு முதல் தயக்கம் வந்திருக்கிறது. எடுத்துக்காட்டில் ஒரு மூலம் கழித்தல் குறியோடு வந்தது, "நேரம் எதிர்க்குறியாக இராது" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். இங்கே இரண்டுமே நேர்க்குறி. எதைத் தள்ளுவது? பந்து மேலே போய்த்தானே கீழே வர வேண்டும், ஆகவே பிந்தைய நேரம்தான் விடை என்று முடிவுகட்டி 3 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறாள். புத்தகத்தின் பின்பக்கம் 4.65 நொடி என்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் இரண்டாம் வரியின் வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடித்து, 5 இருந்த இடத்தில் 3 என்று மட்டும் மாற்றி t² − 4t − 3 = 0 என்று எழுதியிருந்தால் அவளுக்குச் சரியான விடையே கிடைத்திருக்கும். அதன் நேர்க்குறி மூலம் 2 + √7, அதாவது 4.65. பார்த்து எழுதியவர் தேர்ச்சி பெறுவார், இயற்கணிதத்தை ஒழுங்காகச் செய்தவர் மாட்டிக்கொள்வார். ஒரு எடுத்துக்காட்டு இதைவிடத் தலைகீழாகக் கற்பிக்க முடியாது.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அதே கணக்கு அடுத்த பக்கத்தில் மூன்று முறை இருக்கிறது. ஒருமுறை காரணிப்படுத்தியிருக்கிறாள், ஒருமுறை இருபடிச் சூத்திரத்தைப் போட்டிருக்கிறாள், ஒருமுறை 5-ஆல் வகுக்காமலே செய்திருக்கிறாள். மூன்றிலும் 1, 3. அடுத்த சந்தேகம் பின்பக்க விடைகள் மீது. "அச்சுப்பிழையா?" என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். எடுத்துக்காட்டின் மேல் சந்தேகம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழுதாகச் செய்து காட்டிய கணக்கு தவறாக இருக்கும் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

அவளைக் காப்பாற்றியது ஒரு சின்ன மனக்கணக்கு. சமன்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, பந்தை நொடிக்கு நொடி பின்தொடர்ந்திருக்கிறாள். வேகம் நொடிக்கு 10 வீதம் குறைகிறது. 20-இல் தொடங்கினால் இரண்டாவது நொடியில் பூஜ்ஜியம், பந்து உச்சியில். ஏற எடுத்த அதே இரண்டு நொடி இறங்கவும் எடுக்கும். ஆகவே நான்காவது நொடியில்தான் பந்து எறிந்த கையின் மட்டத்துக்கே திரும்பும். தரை அதற்கும் கீழே. அப்படியானால் நான்குக்குக் குறைவான எந்த விடையும் சரியாக இருக்க முடியாது. கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. 1 தவறு, 3-ம் தவறு, பின்பக்கத்தின் 4.65 மட்டுமே நம்பத்தக்கது.

அப்படியென்றால் 1, 3 என்பவை எங்கிருந்து வந்தன? ஒன்றாவது நொடியில் பந்து எங்கே என்று பார்த்தாள். 20 − 5 = 15. மூன்றாவது நொடியில் 60 − 45 = 15. பந்து கோபுர உச்சிக்கு மேலே 15 மீட்டரில் இருக்கும் நேரங்கள் அவை. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. அவள் போட்ட கணக்கில் பிழையே இல்லை. கேட்காத கேள்விக்குச் சரியான விடை கண்டுபிடித்திருக்கிறாள், அந்தக் கேள்வியைக் கையில் கொடுத்தது உங்கள் முதல் வரி.

பிறகுதான் எடுத்துக்காட்டுக்குத் திரும்பினாள். அச்சிட்ட விடையான 5-ஐ அச்சிட்ட முதல் வரியிலேயே போட்டுப் பார்த்தாள். 20 × 5 = 100. 5 × 25 = 125. கழித்தால் −25. வரியின் இடப்பக்கத்தில் வெறும் 25 நிற்கிறது. அந்த எண்ணைச் சுற்றிப் பேனா தாள் கிழியும் அளவுக்கு வட்டமிட்டிருக்கிறாள். அதற்குக் கீழே, முதல் வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும் செய்து பார்த்திருக்கிறாள். தன்மைக்காட்டி 16 − 20 = −4. வர்க்கமூலம் இல்லை, ஆகவே விடையே இல்லை. அதற்கும் பொருள் இருக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து உச்சிக்கு மேலே 20 மீட்டர்தான் போகும். 25 மீட்டர் மேலே அது எப்போதுமே இராது. அச்சிட்ட முதல் வரி, நடக்கவே நடக்காத ஒன்று எப்போது நடக்கும் என்று கேட்கிறது.

இதைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று நாற்பது. மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்த ஒளியியல் பாடத்தை அன்றிரவு அவள் திறக்கவே இல்லை. "நல்ல மாணவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள்" என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. கண்டுபிடித்தவள் அதற்குக் கொடுத்த விலை அந்த இரண்டு மணி நேரம்.

கண்டுபிடித்த பிறகும் நிம்மதி வந்துவிடவில்லை. குறிப்பேட்டின் அடுத்த வரி இது: "புத்தகத்தில் பிளஸ். நாளைக்கு எதை எழுதுவது?" நியாயமான கேள்வி. விடைத்தாள் திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பு பாடநூலைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், சமன்பாட்டை அமைக்கும் படிக்கு உரிய மதிப்பெண் +25-க்கா, −25-க்கா? சரியாக எழுதி மதிப்பெண் இழப்பதா, தவறென்று தெரிந்தே எழுதி வாங்கிக்கொள்வதா? இந்தத் தர்மசங்கடத்துக்கு ஒரு மாணவியைத் தள்ளியிருக்கவே கூடாது. அவள் எடுத்த முடிவு சாமர்த்தியமானது. கணக்கைத் தொடங்கும் முன் ஒரு வரி: "எறிந்த இடம் தொடக்கப்புள்ளி. மேல்நோக்கிய திசை நேர்க்குறி." அதன் பிறகு s = −25, u = +20, a = −10 என்று மூன்றையும் குறியோடு தனித்தனியே எழுதுவது. திருத்துபவர் யாராக இருந்தாலும் அந்த −25 எங்கிருந்து வந்தது என்று கேட்க வழியில்லை.

உங்கள் தீர்வில் இல்லாதது அந்த ஒரு வரிதான். அது ஏன் இல்லை என்பதற்கான காரணம், எங்கள் பார்வையில், பாடத்தின் தொடக்கத்தில் கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் சூத்திரங்களில் இருக்கிறது. கீழே விழும் பொருளுக்கு h = ut + ½gt² என்று ஒரு தொகுதி. மேலே எறியும் பொருளுக்கு h = ut − ½gt² என்று இன்னொரு தொகுதி. முதல் தொகுதியில் கீழ்நோக்கிய திசை நேர்க்குறி, இரண்டாவதில் மேல்நோக்கிய திசை நேர்க்குறி. கட்டத்துக்குள் இது எங்கும் சொல்லப்படவில்லை. பொருள் மேலே மட்டும் போகும்வரை, அல்லது கீழே மட்டும் விழும்வரை இரண்டு தொகுதியும் ஒழுங்காக வேலை செய்யும். கோபுரக் கணக்கில் ஒரே பந்து முதலில் ஏறி, பிறகு எறிந்த மட்டத்துக்கும் கீழே இறங்குகிறது. மேல்நோக்கி எறிவதால் இரண்டாம் தொகுதியை எடுக்கிறோம். அதில் h என்பது எறிந்த இடத்துக்கு மேலே உள்ள உயரம், தரை அதற்கு 25 மீட்டர் கீழே, ஆகவே h = −25. ஆனால் வினாவில் "25 மீட்டர் உயரம்" என்று இருக்கிறது. உயரம் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக நேர்க்குறியோடு எழுதிவிடுகிறது. "இடப்பெயர்ச்சி" என்று அங்கே இருந்திருந்தால் எழுதியவரே ஒரு கணம் நின்றிருப்பார்.

இரு மரபுகளும் கலந்திருப்பதற்கு அதே தீர்வின் இரண்டாம் பகுதியே சாட்சி. தரையைத் தொடும் வேகத்துக்கு v² = u² + 2gh என்று போட்டு 400 + 500 = 900, ஆகவே 30 என்று சரியாகவே முடித்திருக்கிறீர்கள். அது கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்ட தொகுதி. முதல் பகுதியின் வழியிலேயே, மேல்நோக்கிய தொகுதியில் h = 25 என்று வைத்து இதையும் செய்திருந்தால் 400 − 500 = −100 என்று வந்து, வர்க்கமூலம் எடுக்க முடியாமல் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். ஒரே தீர்வு, இரண்டு பகுதி, இரண்டு மரபு. மாணவிக்கு மேல்நோக்கிய திசை எந்தப் பகுதியில் எந்தக் குறி என்று எப்படித் தெரியும்?

இரண்டு திசைகளில் எதை நேர்க்குறியாகக் கொண்டாலும் கணக்கு வரும். மேல்நோக்கி என்றால் −25 = 20t − 5t². கீழ்நோக்கி என்றால் 25 = −20t + 5t². இரண்டும் ஒரே சமன்பாட்டில்தான் போய் முடியும். அச்சில் இருப்பது ஒன்றின் இடப்பக்கமும் மற்றதன் வலப்பக்கமும் ஒட்டிய வரி.

தள்ளிவிட்ட −1 பற்றியும் ஒரு வார்த்தை. "நேரம் எதிர்க்குறியாக இராது" என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டீர்கள். பந்தைக் கோபுர உச்சியிலிருந்து எறியாமல், ஒரு நொடி முன்னதாகத் தரையிலிருந்தே நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், ஒரு நொடியில் 25 மீட்டர் ஏறி, உச்சியை 20 வேகத்தில் கடந்திருக்கும். அந்த −1 சொல்வது இதைத்தான். தரையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டிய வேகமும் தரையில் வந்து விழும் வேகமும் ஒரே 30 என்பதைக் கவனியுங்கள். இரண்டு பகுதிகளையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்க இலவசமாகக் கிடைத்த வழி அது. அதைப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டது எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் அது பிழையில்லை, அதைத் திருத்தச் சொல்லவும் இல்லை.

உங்கள் சரிபார்ப்பு முறை பற்றிப் பதிலில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒவ்வொரு தீர்வின் இறுதி விடையையும் இரண்டு பேர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள் என்று. இறுதி விடை தவறும் பிழைகளுக்கு அது நல்ல வலை. இரட்டைப் பிழைகள் அதன் கண்ணி வழியே நழுவிவிடும், ஏனென்றால் சரிபார்த்த இருவரும் தங்கள் வழியில் 5 என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள், புத்தகமும் 5 என்றது, இடையில் இருந்த வரிகளை யாரும் தொடவில்லை. அதைப் பிடிக்கக் கூடுதலாகப் பெரிய உழைப்பும் வேண்டாம். இறுதி விடையை எடுத்து, மேலே உள்ள ஒவ்வொரு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் போதும். எந்த வரியில் இடமும் வலமும் ஒத்துப்போகவில்லையோ அந்த வரி தவறு. இந்த எடுத்துக்காட்டுக்கு அது ஒரு நிமிட வேலை. அந்த மாணவி செய்ததும் அதுவே.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லா வரிகளும் விடையோடு ஒத்துப்போய், தொடக்கத்திலேயே வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இது பிடிக்காது. அதற்கு வேறு ஆள் வேண்டும். தீர்வை எழுதாத ஒருவர், எடுத்துக்காட்டின் முதல் வரியில் அடுத்துள்ள பயிற்சி வினாவின் எண்களைப் போட்டு, அங்கிருந்து ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். 15 மீட்டர் வினாவை அப்படி ஒருவர் செய்திருந்தால் 3 என்று வந்திருக்கும், பின்பக்கத்தோடு முட்டியிருக்கும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

அடுத்த பதிப்பு வரை காத்திராமல், வரும் தேர்வுக்கு முன்பே திருத்தச் சீட்டு வெளியிடுங்கள். "கோபுர எடுத்துக்காட்டில் சிறு மாற்றம்" என்று பொதுவாக எழுதினால் யாரும் புத்தகத்தைத் திறந்து திருத்த மாட்டார்கள். பக்க எண், வரி எண், "25 = 20t − 5t² என்பதை −25 = 20t − 5t² எனத் திருத்தி வாசிக்கவும்" என்று இரண்டு வடிவத்தையும் அருகருகே கொடுங்கள். இரண்டாம் வரியைத் தொட வேண்டாம், அது சரி. முதல் வரியில் பிழை என்று கேள்விப்பட்டு யாராவது இரண்டாம் வரியை +5 என்று "திருத்திவிட்டால்" இருக்கும் விடையும் போய்விடும். மின்பதிப்பில் இன்றே மாற்றலாம். மாற்றிய தேதியைப் பக்கத்தின் அடியில் குறியுங்கள், எந்தப் படி பழையது என்று தெரியட்டும்.

விடைத்தாள் திருத்துவோருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். −25 வடிவில் சமன்பாட்டை அமைத்தவருக்கு அந்தப் படியின் முழு மதிப்பெண்ணும் உண்டு. கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு 25 = −20t + 5t² என்று எழுதியவருக்கும் அப்படியே. அச்சிட்ட வரியை நம்பி எண்களை மட்டும் மாற்றி எழுதியவருக்கு, இந்தப் பிழைத்திருத்தம் அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை, அந்த ஒரு குறிக்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது. பிழை அவருடையதல்ல.

சூத்திரக் கட்டத்தில் இரண்டு தொகுதிகளுக்கும் மேலே எந்தத் திசை நேர்க்குறி என்று ஒரு வரி சேருங்கள். இயக்கவியல் பாடத்தின் ஒவ்வொரு தீர்வும் தொடக்கப்புள்ளியையும் நேர்க்குறித் திசையையும் சொல்லித் தொடங்கட்டும். அந்தப் பாடத்தின் மற்ற எடுத்துக்காட்டுகளையும், குறிப்பாகப் பொருள் எறிந்த மட்டத்துக்குக் கீழே போகும் கணக்குகளையும், விடையை ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்த்து, தவறும் வரிகளின் பட்டியலை முதல் திருத்தச் சீட்டோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று பதிலை எழுத்தில் அனுப்புங்கள். மாணவியின் குறிப்பேட்டுப் பக்கங்களின் நகலை, அவளுடைய பெயரை நீக்கி, இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். வட்டமிட்ட 25 மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்